முகத்தின் வெளிச்சத்தை எண்களில் படிப்பது

ஒரே புகைப்படத்தைக் கேமராவின் பின்திரையில் இரண்டு இடங்களில் பார்த்தால், அது இரண்டு படங்கள்போலத் தெரியும். விளக்கணைத்த அறையில் அந்தச் சின்னத் திரை ஒரு விளக்குபோல ஒளிரும். இருட்டுக்குப் பழகி விரிந்திருக்கும் கண்ணுக்கு, அதில் உள்ள முகம் பளிச்சென்று தோன்றும். அதே கேமராவை நண்பகல் வெயிலில் தூக்கிப் பார்த்தால் அந்த முகம் மங்கி, கறுத்துக் கிடக்கும். கோப்பில் பதிவான ஒளியோ துளியும் மாறியிருக்காது. இதனால் வரும் தவறு எந்தப் பக்கம் சாயும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். இருட்டில் திரையை நம்புபவரின் படங்கள் அண்டர் எக்ஸ்போஷராகவும், வெயிலில் நம்புபவரின் படங்கள் ஓவர் எக்ஸ்போஷராகவும் வீட்டுக்கு வரும்.

கணினித் திரையிலும் இதே கதைதான். அச்சுக்குப் போகும் படங்களைத் திருத்துபவர்கள் திரையின் பிரகாசத்தைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா வரை வைத்துக்கொள்வது வழக்கம். கடையிலிருந்து வரும் திரைகள் பெரும்பாலும் அதைவிட மிகுந்த பிரகாசத்தில் இருக்கும். அந்தத் திரையில் சரியாகத் தெரிந்த முகம் ஆல்பத்தில் இருண்டு வந்துவிட, பழி அச்சகத்தின் மேல் விழுகிறது.

திரை எப்படியிருந்தாலும் மாறாத ஒன்று, படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் பதிவாகியிருக்கும் எண். ஜேபெக் படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகும். 0 என்றால் ஒளியே இல்லை. 255 என்றால் அதற்குமேல் பதிய இடமில்லை. இந்த எண்களை எண்ணிக்கையாகத் தொகுத்து வரைந்த படம்தான் ஹிஸ்டோகிராம். இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை. அந்தந்த வெளிச்சத்தில் எத்தனை பிக்சல்கள் இருக்கின்றன என்பதை அங்கங்கே எழும் குன்றின் உயரம் காட்டும். குன்று வலது சுவரில் மோதி அங்கேயே செங்குத்தாக நின்றால், அந்தப் பிக்சல்கள் 255-ஐத் தொட்டு, விவரம் இழந்து வெளுத்துவிட்டன என்று பொருள்.

ஹிஸ்டோகிராமுக்கென்று ஓர் அழகான வடிவம் உண்டு, குன்று நடுவில் இருந்தால் எக்ஸ்போஷர் சரி என்று பலரும் கற்றுக்கொடுக்கிறார்கள். உருவப்படத்தில் இது நேராகத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வேட்டி சட்டையோடு நிற்கும் மாப்பிள்ளையின் படத்தில் குன்று வலப்பக்கம்தான் இருக்க வேண்டும். கருந்திரைக்கு முன்னால் அரக்குப் பட்டுடுத்தி நிற்கும் பெண்ணின் படத்தில் அது இடப்பக்கம்தான் இருக்க வேண்டும். இரண்டையும் நடுவுக்குத் தள்ளினால் முதல் படத்தில் முகம் கறுத்துவிடும், இரண்டாவதில் வெளுத்துவிடும். ஹிஸ்டோகிராம் எண்ணுவது சட்டத்துக்குள் இருக்கும் எல்லாவற்றையும். முழு உருவப் படத்தில் முகத்தின் பரப்பு நூற்றில் இரண்டு மூன்று பங்குகூட இருக்காது. அந்தப் பிக்சல்கள் வேட்டியும் சுவரும் எழுப்பிய மலையடிவாரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

ஆகவே முகத்தை மட்டும் எண்ணவைக்க வழி தேட வேண்டும். படத்தைப் பின்திரையில் பெரிதாக்கும்போது, திரையில் தெரியும் பகுதிக்கு மட்டும் ஹிஸ்டோகிராம் காட்டும் வசதி நிகானின் சில கேமராக்களில் உண்டு. கன்னத்தை மட்டும் திரை நிறையக் கொண்டுவந்தால், அங்கே எழும் குன்று தோலின் குன்று. அந்த வசதி இல்லாத கேமராவில் வேறு வழி இருக்கிறது. வேலை தொடங்குமுன் முகம் மட்டும் சட்டத்தை நிறைக்கும்படி அருகில் போய், அதே வெளிச்சத்தில், அதே அமைப்பில் ஒரு சோதனைப் படம் எடுத்து, அதன் ஹிஸ்டோகிராமைப் படித்துவிட்டு, பிறகு பின்வாங்கி முழு உருவத்தை எடுக்கலாம். கேமராவை மேனுவலில் வைத்திருந்தால்தான் இது உதவும். தானியங்கி அமைப்பு, சட்டம் மாறியதும் எக்ஸ்போஷரையும் மாற்றிவிடும்.

அடுத்து எந்த ஹிஸ்டோகிராமைப் பார்ப்பது என்ற கேள்வி. பெரும்பாலான கேமராக்கள் முதலில் காட்டுவது வெள்ளை நிறத்தில் ஒற்றைக் குன்றாக வரும் ஒளிர்வு ஹிஸ்டோகிராம். மூன்று நிறங்களையும் கலந்து ஒரே எண்ணாக்கி அது வரையப்படுகிறது. அந்தக் கலவையில் பச்சைக்குப் பாதிக்குமேல் பங்கு உண்டு; வழக்கமான ஒரு கணக்கில் பச்சை 59 விழுக்காடு, சிவப்பு 30, நீலம் 11. மனிதக் கண் பச்சைக்கு அதிகம் கூர்மையானது என்பதால் வைத்த கணக்கு இது. தோலைப் பொறுத்தவரை இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது.

மனிதத் தோல் எந்த நிறமாக இருந்தாலும், சாதாரண வெள்ளொளியில், ஒயிட் பேலன்ஸ் சரியாக இருக்கும் படத்தில் சிவப்பு எண்தான் மேலே இருக்கும்; அடுத்து பச்சை; கடைசியில் நீலம். தோலிலுள்ள மெலனின் நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் விழுங்குகிறது. தோலுக்கடியில் ஓடும் இரத்தம் பச்சையையும் நீலத்தையும் விழுங்கிச் சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. ஒளி கூடும்போது முதலில் சுவரில் மோதுவது சிவப்புதான். நெற்றியில் ஒரு புள்ளியைப் பார்ப்போம்: சிவப்பு 255, பச்சை 190, நீலம் 150. மேற்சொன்ன கணக்குப்படி இதன் ஒளிர்வு சுமார் 205. ஒளிர்வு ஹிஸ்டோகிராமில் இது வலது சுவரிலிருந்து தள்ளி, பத்திரமாக இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அந்த இடத்தில் சிவப்பு நிரம்பி வழிந்துவிட்டது. சிவப்பு நின்றுவிட, பச்சை மட்டும் ஏறிக்கொண்டே போவதால் தோல் அங்கே மஞ்சள் பாய்ந்து, வழவழப்பான திட்டாக மாறும். பின்னால் கணினியில் வெளிச்சத்தைக் குறைத்தாலும் அந்தத் திட்டு போகாது; மஞ்சள் மங்கி அழுக்குப்போல நிற்கும். மஞ்சள் விளக்குகள் எரியும் மண்டபங்களில், ஒயிட் பேலன்ஸ் சரியாக அமையாதபோது, இந்தக் கேடு இன்னும் சீக்கிரம் வரும். கேமராவின் அமைப்பில் மூன்று நிற ஹிஸ்டோகிராமைத் தெரிவு செய்துகொண்டு, உருவப்படத்துக்குச் சிவப்பு வரைபடத்தை முதலில் பார்ப்பதே சரியான பழக்கம்.

வெளுப்பைத் தவிர்ப்பது பாதி வேலைதான். முகம் இருக்க வேண்டிய இடம் எது என்பது அடுத்த பாதி. இதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். தன்மேல் விழும் ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டையைக் கிரே கார்டு என்பார்கள். சரியான எக்ஸ்போஷரில் அது எஸ்ஆர்ஜிபி கணக்கில் மூன்று நிறத்திலும் சுமார் 118 காட்ட வேண்டும். இந்த எண்கள் ஒளியோடு நேர் விகிதத்தில் ஏறுவதில்லை. ஒளி இரண்டு மடங்கானால், அதாவது ஒரு ஸ்டாப் கூடினால், 118 என்பது 162 ஆகும். பாதியானால் 85 ஆகும். 85, 118, 162 என்ற இந்த மூன்று எண்களை மனத்தில் வைத்திருப்பவர் எத்தனை ஸ்டாப் தவறினோம் என்பதை அந்த இடத்திலேயே மதிப்பிட்டுவிடலாம்.

தோலுக்கும் இப்படி நிலையான சான்று உண்டு. 1976-ல் மெக்கமி, மார்க்கஸ், டேவிட்சன் என்ற மூவர் விவரித்த 24 கட்ட வண்ண அட்டை இன்றும் கலர்செக்கர் என்ற பெயரில் புகைப்படக்காரர்களின் பையில் இருக்கிறது. அதன் முதல் இரண்டு கட்டங்களே தோல் நிறங்கள்தாம். கருந்தோல் கட்டத்தின் எஸ்ஆர்ஜிபி மதிப்பு ஏறத்தாழ 115, 82, 68. வெளிர்தோல் கட்டத்தின் மதிப்பு 194, 150, 130. இரண்டிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசை மாறவில்லை என்பதைக் கவனிக்கலாம். ஒளியின் அளவில் பார்த்தால் வெளிர்தோல் கட்டம் கிரே கார்டைவிட ஒரு ஸ்டாப் அளவுக்கு மேலே, கருந்தோல் கட்டம் ஒரு ஸ்டாப்புக்குச் சற்றுக் குறைவாகக் கீழே. மனிதத் தோலெல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும் என்று பொருளல்ல. தமிழ்நாட்டின் பெரும்பாலான முகங்கள் இவற்றுக்கிடையே எங்கோ விழும், சில கீழ்க்கட்டத்தையும் தாண்டி இறங்கும்.

இங்கே ஒரு பழைய பாடத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி வகுத்த ஸோன் முறையில், முகத்தை நடுச்சாம்பலுக்கு ஒரு ஸ்டாப் மேலே, ஆறாவது ஸோனில் வைக்கச் சொல்வார்கள். அது வெள்ளையரின் தோலுக்குச் சொன்னது. கோடக் நிறுவனம் அச்சகங்களுக்கு நிறம் பார்த்துக்கொள்ள அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டைகளிலும் பல ஆண்டுகள் வெள்ளைப் பெண்ணின் முகமே இருந்தது. அந்த விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றிக் கருத்த முகத்தை 190-க்கு இழுப்பது, அவரை வேறொரு ஆளாக்குவதற்குச் சமம். முகத்தில் விழும் ஒளியைச் சரியாகப் பதிவு செய்தால் போதும். தோல் தன் எண்ணைத் தானே காட்டும்.

ஒரு படத்தைக் கணக்கோடு பார்த்தால் இவையெல்லாம் ஒன்றுசேரும். காலை ஒன்பது மணி. வீட்டுக் கூடத்தின் வடக்கு ஜன்னல் ஓரம். நல்ல கருத்த நிறமுள்ள மணமகன் வெள்ளைச் சட்டை, வேட்டியில் நிற்கிறார். பின்னால் சுண்ணாம்புச் சுவர். கேமரா தானாக அளந்து எஃப்/4, 1/200 நொடி, ஐஎஸ்ஓ 400 என்று வைக்கிறது. சட்டத்தில் பெரும்பகுதி வெள்ளை. அளவிடும் கருவிக்கு அது வெள்ளை என்று தெரியாமல், அதைச் சாம்பலாக்கப் பார்த்து ஒளியைக் குறைத்துவிடுகிறது. கூடம் அரையிருட்டாக இருப்பதால் பின்திரையில் படம் நன்றாகவே தெரிகிறது. ஹிஸ்டோகிராமில் பெரிய குன்று வலப்பக்கம் இருக்கிறது, சுவரில் மோதவில்லை. மேலோட்டமாகப் பார்ப்பவர் இத்துடன் திருப்தியடைந்துவிடுவார்.

மணமகனின் முகத்தருகே ஒரு கிரே கார்டைக் கேமராவை நோக்கிப் பிடிக்கச் சொல்லி எடுத்த படம் வேறு கதை சொல்கிறது. அட்டை 118-க்குப் பதில் 96 காட்டுகிறது. ஜன்னல் பக்கக் கன்னத்தில் 92, 62, 48. சட்டையின் வெள்ளை 201. அட்டை 118-லிருந்து 96-க்கு இறங்கியது ஏறக்குறைய மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைவு. சட்டையும் அதையே சொல்கிறது: நன்கு வெளுத்த வெள்ளைத் துணி 240-ஐத் தாண்டியிருக்க வேண்டும், 201-ல் நிற்கக் கூடாது. ஷட்டரை 1/200-லிருந்து 1/125-க்கு மாற்றினால் அந்த மூன்றில் இரண்டு ஸ்டாப் கிடைத்துவிடும். அடுத்த படத்தில் கன்னம் சுமார் 115, 78, 61 ஆகிறது. கலர்செக்கரின் கருந்தோல் கட்டத்துக்கு மிக அருகில். சட்டை 247-க்கு ஏறினாலும் 255-ஐத் தொடவில்லை; நெசவும் மடிப்பும் தெரிகின்றன. இதற்குமேல் ஏற்ற மூன்றில் ஒரு ஸ்டாப்புக்குக்கூட இடமில்லை என்பதையும் அதே எண் சொல்லிவிடுகிறது.

மூன்றில் இரண்டு ஸ்டாப்தானே, கணினியில் ஏற்றிக்கொள்ளலாமே என்று தோன்றலாம். வெளிர்ந்த முகத்துக்கு அது பெரும்பாலும் ஒத்துவரும். கருத்த முகத்துக்கு நட்டம் அதிகம். கேமரா தாங்கும் உச்ச ஒளியிலிருந்து வெளிர்தோல் ஒன்றரை ஸ்டாப் கீழே இருக்கிறது என்றால், கருந்தோல் மூன்று ஸ்டாப்புக்கும் கீழே இருக்கிறது. ஒவ்வொரு ஸ்டாப் இறங்கும்போதும் சென்சார் பெறும் ஒளி பாதியாகும். அதைப் பின்னால் தூக்கும்போது கூடவே இரைச்சலும் புள்ளிபுள்ளியாக எழும். கன்னத்தின் நிழல் பக்கத்தில், தாடையோரத்தில், தோலின் செம்மை மறைந்து சாம்பல் படிந்ததுபோல வந்தால், பெரும்பாலும் காரணம் இதுதான்.

எண்ணைப் படிக்கும் இடமும் முக்கியம். நெற்றியின் நடு, மூக்கு நுனி, கன்ன எலும்பின் மேடு ஆகிய இடங்களில் வியர்வையும் எண்ணெய்ப்பசையும் ஒளியை அப்படியே திருப்பி அனுப்பும். அங்கே தெரிவது விளக்கின் பிரதிபலிப்பு; தோலின் நிறம் அல்ல. ஊசிமுனை அளவு பளபளப்பு 255-ஐத் தொட்டால் பாதகமில்லை, அது கட்டைவிரல் அளவுத் திட்டாகப் பரவினால் ஒளியைக் குறைப்பதைவிட முகத்தைத் துடைத்துவிடுவதே சரியான வைத்தியம். உதட்டுச்சாயம், தாடி, குங்குமம், மஞ்சள் பூசிய இடம் இவற்றையும் விட்டுவிட வேண்டும். ஒளி விழும் பக்கத்தில், கன்ன எலும்புக்குக் கீழே, பளபளப்பும் நிழலும் இல்லாத சமமான இடம்தான் அளக்கத் தக்கது. ஃபோட்டோஷாப்பில் துளிக்கருவியை `5 by 5 Average` என்று வைத்துக்கொண்டால், ஒரு மயிர்க்கால் மேல் விழுந்த ஒற்றைப் பிக்சல் கணக்கைக் கெடுக்காது. `Info` பலகையில் மூன்று எண்களும் தெரியும். லைட்ரூம் இதே எண்களை விழுக்காடாகக் காட்டும். அது பயன்படுத்தும் வண்ணவெளி எஸ்ஆர்ஜிபியைவிட அகலமானது என்பதால் அங்கே மூன்று நிறங்களுக்கிடையிலான இடைவெளி சற்றுக் குறுகித் தெரியும். ஒரு வண்ணவெளியில் படித்த எண்ணை இன்னொன்றில் படித்த எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

கிரே கார்டு கையில் இல்லாத நேரத்துக்குப் பழைய புகைப்படக்காரர்கள் வைத்திருந்த உபாயம் உள்ளங்கை. முகம் எவ்வளவு கருத்திருந்தாலும் உள்ளங்கையில் மெலனின் குறைவு. அது பெரும்பாலும் கிரே கார்டைவிட ஒரு ஸ்டாப் அளவுக்கு வெளிச்சமாக இருக்கும். முகத்தில் விழும் அதே ஒளியில் கையை நீட்டி, ஸ்பாட் மீட்டரால் உள்ளங்கையை அளந்து, அதைவிட ஒரு ஸ்டாப் கூடுதலாக வைத்தால் எக்ஸ்போஷர் ஏறக்குறைய சரியாக அமையும். கைக்குக் கை சற்று வேறுபடும் என்பதால் ஒருமுறை கிரே கார்டோடு ஒப்பிட்டுத் தன் கையின் கணக்கைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. மருதாணி வைத்த கை இதற்கு உதவாது.

இந்த எண்களுக்கும் எல்லை உண்டு. ரா ஃபைல் எடுக்கும்போதும் பெரும்பாலான கேமராக்கள் திரையில் காட்டும் ஹிஸ்டோகிராம், உள்ளே ஒட்டியிருக்கும் ஜேபெக் மாதிரியிலிருந்து வரையப்பட்டதே. அதில் ஒயிட் பேலன்ஸும், காண்ட்ராஸ்ட்டைக் கூட்டும் பிக்சர் ஸ்டைலும் ஏற்கெனவே கலந்திருக்கும். அதனால் திரையில் சிவப்பு வெளுத்துவிட்டதாகக் காட்டும்போது ராவில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கக்கூடும். கிரே கார்டும் கேமராவின் அந்த ஸ்டைல் வளைவைப் பொறுத்து 118-லிருந்து சில எண்கள் தள்ளி நிற்கலாம். நியூட்ரல் போன்ற காண்ட்ராஸ்ட் குறைந்த ஸ்டைலை வைத்துக்கொண்டு, கைமீட்டரால் அளந்த சரியான ஒளியில் கார்டை ஒருமுறை எடுத்து, தன் கேமராவில் அது எந்த எண்ணில் விழுகிறது என்று குறித்துவைத்துக்கொண்டால் அதுவே பிறகு அந்தக் கேமராவுக்கான அளவுகோல். மேடையின் நீல, ஊதா விளக்கு முகத்தில் விழும்போது சிவப்பு முந்தும் வரிசையே குலைந்துவிடும். அங்கே தோல் எண்களை விட்டுவிட்டு, மூன்று வரைபடங்களில் எது முதலில் சுவரைத் தொடுகிறது என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

மிகக் கடினமான சோதனை, நிறம் வேறுபட்ட இருவர் ஒரே சட்டத்தில் நிற்கும்போது வரும். மேற்சொன்ன மணமகன் பக்கத்தில் மாநிறமுள்ள மணமகள் வந்து நிற்கிறார். கார்டு 118-ல் இருக்கும் அதே எக்ஸ்போஷரில் அவர் கன்னம் 115. இவர் கன்னம் 165. இடைவெளி ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல். மணமகனின் முகம் இன்னும் தெளியட்டும் என்று ஒரு ஸ்டாப் கூட்டினால், மணமகளின் கன்னம் 225-க்குப் போகும். கன்னத்தைவிட அரை ஸ்டாப் வெளிச்சமான அவர் நெற்றியில் சிவப்பு 255-ஐத் தாண்டிவிடும். மணமகனின் சட்டையும் முழுக்க வெளுக்கும். எக்ஸ்போஷரை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. எக்ஸ்போஷரைக் கார்டு சொன்ன இடத்திலேயே விட்டுவிட்டு, மணமகனை ஜன்னலுக்கு அருகிலும் மணமகளை அவருக்கு அப்பாலும் நிறுத்தலாம். அல்லது மணமகனின் நிழல் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையைப் பிடிக்கலாம். பலகையை நகர்த்தி நகர்த்தி எடுத்து, நிழல் பக்கக் கன்னத்தின் எண் ஒளி பக்கத்துக்கு ஒரு ஸ்டாப் கீழே, அதாவது 115-க்கு 83 என்ற அளவுக்கு வந்ததும் பலகையை அங்கேயே நிறுத்திவிடலாம். முகத்தின் வடிவம் நிற்கும், கண்ணோரத்து இருட்டும் கலையும்.